நான்கு கோடு வந்துவிட்டது, ஆனால் நான்கு பேருக்கும் வேலை அமையவில்லை: ஒதுக்கீட்டுக் கணக்கில் எங்கே தவறு?

கயல்

வணக்கம். அப்பா மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான் அஞ்சல்வழியில் பி.பி.ஏ. படிக்கிறேன். பாடத்தில் ஒதுக்கீட்டுக் கணக்கு வந்ததும் எங்கள் பட்டறையையே வைத்துப் போட்டுப் பார்த்தேன். நான்கு மோட்டார் வந்திருக்கிறது, கட்டுவதற்கு நான்கு பேர் இருக்கிறார்கள்: மாணிக்கம் அண்ணன், பாஷா அண்ணன், செல்வம், டேவிட். யார் எதைக் கட்டினால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று அப்பாவிடமே கேட்டு எழுதினேன். நால்வருக்கும் மணிக்கு 120 ரூபாய்தான் கூலி. அதனால் மொத்த மணி குறைந்தால் செலவும் குறையும்.

```
      1   2   3   4
மா    9  11  14  13
பா    6   9  11  13
செ   12   9  10  14
டே    8  11   9  10
```

ஒவ்வொரு நிரையிலும் மிகச் சிறிய எண்ணைக் கழித்தேன் (9, 6, 9, 8). பிறகு ஒவ்வொரு நிரலிலும் மிகச் சிறியதைக் கழித்தேன் (0, 0, 1, 2). வந்தது இது:

```
      1   2   3   4
மா    0   2   4   2
பா    0   3   4   5
செ    3   0   0   3
டே    0   3   0   0
```

டேவிட்டுக்கு 1, செல்வத்துக்கு 2 என்று கட்டமிட்டேன். புத்தகத்தில் சொன்னபடி டிக் போட்டுக் கோடு வரைந்தால் செல்வத்தின் நிரை, அதோடு 1, 3, 4 ஆகிய நிரல்கள். மொத்தம் நான்கு கோடு. நான்கு வந்தால் விடை கிடைத்துவிட்டது என்கிறது புத்தகம். ஆனால் மாணிக்கம் அண்ணனுக்கும் பாஷா அண்ணனுக்கும் முதல் நிரலைத் தவிர வேறெங்கும் பூச்சியமே இல்லை. இரண்டு பேரையும் ஒரே மோட்டாரில் எப்படி உட்கார வைப்பது? மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், கழித்தலில் பிழை இல்லை.

---

இளங்கோ

இதற்கு இவ்வளவு சுற்று தேவையில்லை தங்கச்சி. அட்டவணையிலேயே மிகச் சிறிய எண் 6. பாஷாவுக்கு முதல் மோட்டாரைக் கொடுத்து அந்த நிரையையும் நிரலையும் அடித்துவிடு. மீதியில் சிறியது 9, இரண்டு இடத்தில் இருக்கிறது: செல்வத்துக்கு 2, டேவிட்டுக்கு 3. மாணிக்கத்துக்கு மிஞ்சுவது 4, அதற்கு 13 மணி. கூட்டினால் 37. நான் கடையில் ஆள் அனுப்புவது இப்படித்தான், ஒருநாளும் தவறியதில்லை.

---

தாமோதரன்

இளங்கோ தம்பி சொன்ன 37 சரியான விடைதான். ஆனால் அந்த வழி இந்த அட்டவணையில் பலித்ததே தவிர, நம்பி நடக்கக்கூடிய வழி இல்லை. சின்ன உதாரணம் பாருங்கள்:

```
1     2
3   100
```

சிறியதை முதலில் எடுத்தால் 1. அதை எடுத்ததும் மிச்சம் 100 மட்டும்தான், மொத்தம் 101. அந்த 1-ஐ விட்டுக்கொடுத்தால் 2, 3 என்று ஐந்தில் முடிகிறது. முதலில் எடுக்கும் மலிவு, கடைசி ஆளுக்கு என்ன மிச்சம் வைக்கிறது என்பதை அந்த வழி பார்ப்பதே இல்லை.

இனி கயலின் கேள்வி. நீங்கள் கழித்ததில் தவறில்லை. "நான்கு கோடு வந்தால் முடிந்தது" என்ற வரியில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. எல்லாப் பூச்சியங்களையும் மறைக்க குறைந்தபட்சம் நான்கு கோடு தேவைப்பட்டால்தான் முடிந்தது. யோசித்துப் பாருங்கள்: நிரல் கழித்ததும் ஒவ்வொரு நிரலிலும் ஒரு பூச்சியமாவது இருக்கும். நான்கு நிரல்களையும் நெடுக்காகக் கோடிட்டாலே எல்லாப் பூச்சியமும் மறைந்துவிடும். அப்படிப் பார்த்தால் எந்தக் கணக்குமே இரண்டாம் படியில் முடிந்துவிட வேண்டும்! 35 ஆண்டு வகுப்பில் பார்த்ததில் மாணவர்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

உங்கள் அட்டவணையை மூன்றே கோட்டில் மறைக்கலாம். முதல் நிரல், செல்வத்தின் நிரை, டேவிட்டின் நிரை. பாருங்கள், எந்தப் பூச்சியமும் வெளியே இல்லை.

---

கயல்

ஆமாம் ஐயா, மூன்றிலேயே மறைகிறது. ஆனால் நான் கண்ணால் பார்த்துக் கோடு போடவில்லையே. கட்டம் இல்லாத நிரைக்கு டிக், அந்த நிரையில் பூச்சியம் இருக்கும் நிரலுக்கு டிக், அந்த நிரலில் கட்டமிட்ட பூச்சியம் எந்த நிரையில் இருக்கிறதோ அதற்கு டிக். கடைசியில் டிக் இல்லாத நிரைக்கும் டிக் உள்ள நிரலுக்கும் கோடு. புத்தகம் சொன்ன வரிசையைத்தான் பின்பற்றினேன். அது ஏன் நான்கு கொடுத்தது?

---

தாமோதரன்

நல்ல கேள்வி. உங்கள் டிக் போன பாதையை நான் நடந்து காட்டுகிறேன்.

நீங்கள் கட்டமிட்டது இரண்டே இரண்டு: டேவிட்டுக்கு 1, செல்வத்துக்கு 2. மாணிக்கத்துக்கும் பாஷாவுக்கும் கட்டம் இல்லை, அதனால் அவர்களுக்கு டிக். அவர்களுடைய பூச்சியம் முதல் நிரலில் இருக்கிறது, அதற்கு டிக். முதல் நிரலில் கட்டம் வைத்திருப்பவர் டேவிட், அவருக்கு டிக். டேவிட்டின் மற்ற பூச்சியங்கள் 3-லும் 4-லும் இருக்கின்றன, அவற்றுக்கும் டிக். இங்கேதான் நீங்கள் நின்றிருக்க வேண்டும். மூன்றாம் நிரலில் கட்டமே இல்லை! டிக் ஒன்று, கட்டமில்லாத நிரலுக்கு வந்து சேர்ந்தால் அது கோடு வரையும் நேரமில்லை. உங்கள் ஒதுக்கீட்டில் இன்னும் ஓர் ஆளைச் சேர்க்க இடமிருக்கிறது என்று அட்டவணையே சொல்கிறது.

எப்படிச் சேர்ப்பது? வந்த வழியே திரும்புங்கள். டேவிட் முதல் மோட்டாரை விட்டுவிட்டு மூன்றாவதற்குப் போகிறார். அவர் விட்ட முதல் மோட்டாரை மாணிக்கம் எடுத்துக்கொள்கிறார். இப்போது மூன்று கட்டம்: மாணிக்கம் 1, செல்வம் 2, டேவிட் 3.

மறுபடி டிக் போடுங்கள். பாஷாவுக்கு டிக், முதல் நிரலுக்கு டிக், அதில் கட்டம் உள்ள மாணிக்கத்துக்கு டிக். மாணிக்கத்துக்கு வேறு பூச்சியம் இல்லை, அத்துடன் நிற்கிறது. டிக் இல்லாத நிரைகள் செல்வம், டேவிட். டிக் உள்ள நிரல் 1. மூன்று கட்டம், மூன்று கோடு. கட்டங்களின் எண்ணிக்கையும் கோடுகளின் எண்ணிக்கையும் ஒன்றாக வந்தால்தான் அந்தக் கோடுகள் குறைந்தபட்சக் கோடுகள். நீங்கள் இரண்டு கட்டத்துக்கு நான்கு கோடு வரைந்திருந்தீர்கள். அந்தப் பொருத்தமின்மையே தவறு இருப்பதற்கு அடையாளம்.

---

எண்விரும்பி

ஐயா சொன்ன அந்தச் சமன்பாடு, அதிகபட்சக் கட்டமும் குறைந்தபட்சக் கோடும் எப்போதும் ஒன்றே என்பது, ஹங்கேரியக் கணிதவியலர் டேனெஷ் கோனிக்கின் தேற்றம். 1931-இல் யெனோ எகர்வாரி அதைச் செலவு எண்கள் உள்ள கணக்குக்கு விரித்தார். அமெரிக்கரான ஹெரால்டு கூன், ஹங்கேரி மொழியில் இருந்த எகர்வாரியின் கட்டுரையை ஓர் இலக்கணப் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு தாமே மொழிபெயர்த்துப் படித்தார். அதிலிருந்து முறையை உருவாக்கி 1955-இல் வெளியிட்டபோது "ஹங்கேரியன் முறை" என்றே பெயரிட்டார். தன் பெயரை வைத்துக்கொள்ளாமல் மூலத்தைச் செய்தவர்களின் நாட்டுக்கே பெயரைக் கொடுத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

---

கயல்

இப்போது புரிகிறது. மேலே போட்டுவிட்டேன். மறையாத எண்களில் சிறியது 2. மறையாதவற்றில் 2 கழித்து, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் 2 கூட்டினேன்:

```
      1   2   3   4
மா    0   0   2   0
பா    0   1   2   3
செ    5   0   0   3
டே    2   3   0   0
```

பாஷா அண்ணனுக்கு 1 மட்டும்தான் பூச்சியம். மாணிக்கம் அண்ணனுக்கு 2 கொடுத்தால் செல்வம் 3, டேவிட் 4. மூல எண்கள் 6 + 11 + 10 + 10 = 37. மாணிக்கம் அண்ணனுக்கு 4 கொடுத்தால் செல்வம் 2, டேவிட் 3. 6 + 13 + 9 + 9, அதுவும் 37, இளங்கோ அண்ணன் சொன்னது இதுதான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வெட்டும் இடத்தில் எதற்காகக் கூட்ட வேண்டும்? மனப்பாடமாகச் செய்தேன், காரணம் தெரியவில்லை.

---

தாமோதரன்

கோட்டை மறந்துவிடுங்கள். நீங்கள் உண்மையில் செய்தது வேறு. கோடு விழாத இரண்டு நிரைகளில், அதாவது மாணிக்கம், பாஷா ஆகிய இருவரின் நிரை முழுவதிலும் 2 கழித்தீர்கள். அதனால் முதல் நிரலில் இருந்த அவர்களுடைய பூச்சியங்கள் −2 ஆகிவிடும். அதைச் சரிக்கட்ட, கோடு விழுந்த முதல் நிரல் முழுவதிலும் 2 கூட்டினீர்கள். மாணிக்கமும் பாஷாவும் அந்த நிரலில் மறுபடி 0 ஆகிறார்கள். செல்வத்துக்கும் டேவிட்டுக்கும் கழிக்கவில்லை, கூட்ட மட்டும் செய்தோம், அதனால் 3 என்பது 5 ஆனது, 0 என்பது 2 ஆனது. வெட்டும் இடத்தில் கூட்டுவது என்று புத்தகம் சொல்வது இதன் சுருக்கம்தான்.

ஒரு நிரை முழுவதும் ஒரே எண்ணைக் கழித்தால் எந்த ஒதுக்கீடு சிறந்தது என்பது மாறாது, ஏனென்றால் எல்லா ஒதுக்கீடும் அந்த நிரையிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுக்கும். நிரலுக்கும் அப்படியே. எனவே கழித்ததை எல்லாம் ஒரு பக்கம் குறித்துக்கொண்டே வாருங்கள். முதலில் 9 + 6 + 9 + 8 = 32. நிரல்களில் 3. சேர்த்து 35. கடைசிப் படியில் இரண்டு நிரையில் 2 கழித்து ஒரு நிரலில் 2 கூட்டினோம், நிகரம் 2. ஆக 37.

மிச்சமுள்ள அட்டவணையில் எதிர்மறை எண் எதுவுமில்லை. ஆகவே எந்த ஒதுக்கீட்டின் மிச்சமும் பூச்சியத்துக்குக் கீழே போகாது, மூல மணிகள் 37-க்குக் கீழே போகவே முடியாது. அதே 37-ஐ உங்கள் கட்டங்களும் தொடுகின்றன. அந்த இரண்டு 37-ம் சந்திப்பதுதான் நிரூபணம். தேர்வில் நேரமிருந்தால் இந்தக் கூட்டலைப் போடுங்கள். கழித்தவற்றின் மொத்தமும் கட்டமிட்ட மூல எண்களின் மொத்தமும் ஒத்துவரவில்லை என்றால் எங்கோ கைத்தவறு நடந்திருக்கிறது.

---

ராபியா

கணினியில் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு:

```python
import numpy as np
from scipy.optimize import linear_sum_assignment
c = np.array([[9,11,14,13],[6,9,11,13],
              [12,9,10,14],[8,11,9,10]])
r, k = linear_sum_assignment(c)
print(k + 1, c[r, k].sum())
```

மொத்தம் 37 என்றே வரும். ஆனால் கயல் கண்ட இரண்டு விடைகளில் ஒன்றை மட்டும்தான் இது காட்டும், இன்னொன்று இருப்பதைச் சொல்லாது. கையால் போட்டவருக்குத்தான் இரண்டும் கண்ணில் படுகிறது. நான்கு பேர் என்றால் 24 வழிகள்தான், எல்லாவற்றையும் எழுதியே பார்க்கலாம். பத்துப் பேர் என்றால் 36,28,800 வழிகள். அங்கேதான் இந்த முறையின் அருமை.

---

தறிக்காரர்

எல்லாரும் இதைப் புகழ்கிறீர்கள், எனக்கு இது ஏமாற்றத்தைத்தான் கொடுத்தது. எங்கள் விசைத்தறிக் கூடத்தில் நான்கு தறி, ஐந்து ஆள். ஒரு ஷிப்டில் யார் எந்தத் தறியில் எத்தனை மீட்டர் நெய்வார் என்று மகன் அட்டவணை போட்டான். அதிகபட்சம் 62 மீட்டர். ஓர் ஆளுக்கு நான்காம் தறி ஓட்டவே தெரியாது, அங்கே 0 போட்டோம். இதே முறையில் கழித்து முடித்தால், நன்றாக நெய்கிறவர் வெளியே நிற்கிறார், நான்காம் தறி தெரியாதவருக்கு நான்காம் தறியே விழுகிறது! இதை நம்பி எப்படி ஆள் போடுவது?

---

ராபியா

ஐயா, முறை நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது. கயல் எழுதியது மணி, குறைவாக இருக்க வேண்டியது. நீங்கள் எழுதியது மீட்டர், அதிகமாக இருக்க வேண்டியது. மீட்டரை அப்படியே போட்டால் மிகக் குறைவாக நெய்யும் ஏற்பாட்டைத்தான் அது தேடிக் கொடுக்கும். 0 மீட்டர் அதற்கு மிக மலிவாகத் தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு எண்ணையும் 62-இலிருந்து கழித்து எழுதுங்கள். 62 நெய்பவர் 0 ஆவார், 50 நெய்பவர் 12 ஆவார். இப்போது அட்டவணை நெய்யாமல் விட்ட மீட்டரைச் சொல்கிறது, அதைக் குறைப்பதுதான் உங்கள் நோக்கம். தெரியாத தறிக்கு 62 போட்டால் போதாது, கூடாது என்பது உறுதியானால் 999 போடுங்கள். இறுதி விடையில் அந்த 999 கட்டத்துக்குள் வந்து நின்றால், அந்த நிபந்தனையோடு எல்லாத் தறிக்கும் ஆள் போடவே முடியாது என்று பொருள்.

ஐந்தாம் ஆளுக்காக ஐந்தாவது நிரல் ஒன்று சேர்த்து எல்லாருக்கும் 0 எழுதுங்கள். அந்த நிரலில் கட்டம் விழுகிறவருக்கு அன்று தறி இல்லை. நிரல் சேர்த்தபின் நிரை கழிப்பதில் பயனில்லை, ஒவ்வொரு நிரையிலும் ஏற்கெனவே ஒரு 0 இருக்கிறது. நேராக நிரல் கழிப்பில் தொடங்குங்கள்.

---

தறிக்காரர்

62-இலிருந்து கழிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்று இரவே போட்டுப் பார்க்கிறேன் அம்மா. இன்னொன்றும் கேட்க வேண்டும். சில நாள் மூன்று ஆள்தான் வருகிறார்கள். அப்போது ஒருவரே பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு தறியைப் பார்த்துக்கொள்வார். அவர் பெயரை இரண்டு நிரையாக எழுதினால் சரியாகுமா?

---

தாமோதரன்

பாதி சரியாகும். இரண்டு தறியிலும் அவர் தனித்தனியே எவ்வளவு நெய்வாரோ அவ்வளவே நெய்தால் இரண்டு நிரையாக எழுதலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்றில் நூல் அறுந்தால் மற்றொன்று நிற்கும், இரண்டிலும் மீட்டர் குறையும். அதுவும் எந்த இரண்டு தறி என்பதைப் பொறுத்து மாறும். ஒரு கட்டத்தின் எண் இன்னொரு கட்டத்தைப் பொறுத்து மாறத் தொடங்கிவிட்டால் நிரை கழிப்புக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது. மூன்று ஆள்தான் என்றால் வழிகள் கொஞ்சம்தான், ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பதே மேல்.

---

கயல்

அப்பாவிடம் காட்டினேன். அவர் ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. "நாலு மோட்டாரும் ஒரே ஊராட்சியிலிருந்து வந்தது. நாலும் முடிந்தால்தான் வண்டியில் ஏற்ற முடியும். எந்த நேரத்துக்கு எல்லாம் முடியும்?" என்றார்.

பார்த்தால் முதல் விடையில் மாணிக்கம் அண்ணன் 11 மணி எடுக்கிறார், அதுவரை காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் 13 மணி. மொத்தம் இரண்டிலும் 37 என்றாலும் அப்பாவுக்கு இரண்டும் ஒன்றில்லை.

பிறகு அப்பா தன் வழக்கப்படி போட்டார். மாணிக்கம் அண்ணன் மூத்தவர், அவருக்கு மிக எளிதானது 1, அது 9 மணி. பாஷா அண்ணனுக்கு மீதியில் எளிதானது 2, அதுவும் 9. செல்வத்துக்கு 3, டேவிட்டுக்கு 4, ஆளுக்கு 10. மொத்தம் 38. ஒரு மணி கூடுதல், 120 ரூபாய். ஆனால் பத்தாவது மணியில் நான்கும் தயார்!

---

எண்விரும்பி

பத்துக்குக் கீழே போகவும் முடியாது, பார்த்துவிட்டேன். எல்லாரும் 9 மணிக்குள் முடிக்க வேண்டுமென்றால் மாணிக்கத்துக்கு 1 மட்டும்தான் பொருந்தும், அதனால் பாஷாவுக்கு 2 மட்டும்தான் மிஞ்சும். செல்வத்துக்கும் 9-க்குள் உள்ளது 2 மட்டுமே. இருவர் ஒன்றில் மோதுகிறார்கள். ஆக உங்கள் அப்பாவின் ஏற்பாடு, சீக்கிரம் முடிப்பது என்ற அளவுகோலில் மிகச் சிறந்த விடை.

இது வேறு கணக்கு. மொத்தத்தைக் குறைப்பதும் கடைசியாக முடிக்கும் ஆளின் நேரத்தைக் குறைப்பதும் ஒன்றல்ல. நிரை, நிரல் கழிப்பு முதலாவதற்கு மட்டும்தான்.

---

இளங்கோ

அப்படியானால் முதலாளி கணக்கே போடாமல் சரியான விடைக்கு வந்துவிட்டார். அனுபவம் என்பது அதுதான்.

---

தாமோதரன்

இளங்கோ, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூத்தவர் முதலில் எடுப்பது என்ற அதே வழக்கத்தில் டேவிட் மூத்தவராக இருந்திருந்தால்? அவர் 8 மணி என்று முதல் மோட்டாரை எடுப்பார். அடுத்து மாணிக்கம் இரண்டாவதை எடுப்பார், 11. பாஷா மூன்றாவது, 11. செல்வத்துக்கு நான்காவது, 14. மொத்தம் 44, முடிவதும் பதினான்காம் மணியில். இந்த முறை வரிசை ஒத்துழைத்தது, அவ்வளவே.

கயல், தேர்வுத்தாளில் 37 எழுதுங்கள், இரண்டு ஒதுக்கீட்டையும் எழுதுங்கள். பட்டறையில் கூலி 120 ரூபாய் பெரிதா, வண்டி ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது பெரிதா என்பதை அப்பாதான் சொல்ல வேண்டும்.

---

கயல்

அப்பா 38-ஐயே எடுத்தார் ஐயா. வண்டி வாடகையும் காத்திருக்கும் நேரத்துக்கு ஏறுமாம், அதை நான் அட்டவணையில் சேர்க்கவே இல்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? யார் கடைசியாக முடிக்கிறார் என்பதைப் பொறுத்தல்லவா அது வருகிறது. அப்படியானால் தறிக்கார ஐயாவுக்கு நீங்கள் சொன்ன அதே தடைதான் எனக்கும் வருகிறதா?

---

தறிக்காரர்

போட்டுவிட்டேன். 62-இலிருந்து கழித்ததும் வெளியே நிற்பவர் மாறிவிட்டார். நான்காம் தறி தெரியாதவருக்கு இரண்டாம் தறி வந்திருக்கிறது, அவர் அதில் பழக்கமானவர்தான். வரும் திங்கள் முதல் ஷிப்டுக்கு இதன்படி ஆள் போடுகிறேன். மீட்டர் எவ்வளவு வந்தது என்று வந்து எழுதுகிறேன்.